ஷார்ப் விகிதம் 3.17: கோப்பில் இல்லாத ஒரு நாள் தந்த எண்

உடன்படு விலை சந்தை விலையிலிருந்து வெகு தொலைவில் இருக்கும், தினமும் காலாவதியாகும் ஆப்ஷன்களை விற்று, அவற்றின் பிரீமியத்தைச் சேர்த்துக்கொண்டே போகும் ஓர் உத்தியை நான் சில மாதங்களாகப் பின்சோதனை செய்து வந்தேன். கையில் 251 நாட்களுக்கான தினசரி வருவாய்ப் பட்டியல் இருந்தது. அதற்கு ஷார்ப் விகிதம் கணக்கிட்டு, விடை நன்றாக வந்தால் முதலீட்டை இரண்டு மடங்காக்குவது என்பதுதான் திட்டம். விடை மிக நன்றாகவே வந்தது. அதை ஏன் நம்பக் கூடாது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அந்த இரண்டு வார வேலையின் பதிவு இது.

விகிதத்தின் கணக்கு எளியது. ஒவ்வொரு நாளின் வருவாயிலிருந்தும் அன்றைய இடரற்ற வட்டியைக் கழித்து, மிச்சத்தின் சராசரியை அந்த மிச்சத்தின் திட்டவிலக்கத்தால் வகுத்தால் ஒரு நாளைக்கான விகிதம் கிடைக்கும். ஆண்டுக்குச் சுமார் 252 வணிக நாட்கள் என்று வைத்து, அதன் வர்க்கமூலமான 15.87-ஆல் பெருக்கினால் ஆண்டு விகிதம். வில்லியம் ஷார்ப் 1966-இல் பரஸ்பர நிதிகளை ஒப்பிடுவதற்காக இந்த அளவை முன்வைத்தார். ஏற்ற இறக்கத்தின் ஓர் அலகுக்கு எவ்வளவு கூடுதல் வருவாய் கிடைத்தது என்பதே அது சொல்லும் செய்தி.

```python
import numpy as np

def sharpe(r, rf=0.0, n=252):
    x = np.asarray(r) - rf
    return x.mean() / x.std(ddof=1) * np.sqrt(n)
```

இந்த நான்கு வரியிலும் தவறுவதற்கு இடம் உண்டு. நான் முதலில் தவறியது வெற்று நாட்களில். உத்தி எதையும் விற்காத நாட்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, ஆனால் 252-இன் வர்க்கமூலத்தால் பெருக்கியிருந்தேன். அந்த நாட்களின் வருவாய் சுழியம்தான், ஆனாலும் அவை பட்டியலில் இருக்க வேண்டிய நாட்கள். நான்கு நாளுக்கு ஒரு முறை மட்டும் வணிகம் செய்யும் உத்தியில் மற்ற மூன்று நாட்களையும் நீக்கிவிட்டுக் கணக்கிட்டால் விகிதம் ஏறத்தாழ இரண்டு மடங்காக வீங்கும். என் உத்தியில் அத்தகைய நாட்கள் குறைவு என்பதால் பெரிய சேதம் இல்லை. அவற்றைத் திரும்பச் சேர்த்த பிறகு கிடைத்த எண்களை எளிமைக்காகச் சற்று முழுமையாக்கித் தருகிறேன்: வட்டி போக ஒரு நாள் சராசரி 0.06 சதவீதம், திட்டவிலக்கம் 0.30 சதவீதம். வகுத்தால் 0.20, ஆண்டுக்கு 3.17.

பல ஆண்டுகள் 1-ஐத் தாண்டி நிற்கும் உத்தியையே நல்ல உத்தி என்று சொல்லும் துறையில் 3.17 என்பது கண்ணைப் பறிக்கும் எண். இதே வேலையில் என்னைவிட நீண்ட அனுபவம் உள்ள நண்பர் ஒருவரிடம் பட்டியலைக் காட்டினேன். அவர் விகிதத்தைப் பார்க்கவே இல்லை. பட்டியலின் மிகக் குறைந்த எண் எது என்று தேடினார், ஏறத்தாழ 0.8 சதவீத நட்டம் இருந்த ஒரு நாளைச் சுட்டி, "நீங்கள் விற்ற ஆப்ஷனின் உடன்படு விலையை இந்த 251 நாளில் ஒரு முறையாவது சந்தை உண்மையிலேயே உடைத்ததா?" என்று கேட்டார். இல்லை. "அப்படியானால் இது ஆப்ஷன் விற்றவரின் கணக்கு இல்லையே, பிரீமியம் வாங்கியவரின் கணக்கு மட்டும்தானே" என்றார்.

அந்தக் கேள்வியை எண்ணாக மாற்றுவதுதான் அன்று மாலை நான் செய்த முதல் வேலை. சந்தை ஒரே நாளில் பெரிதாக நகர்ந்தால் என் நிலைகள் எவ்வளவு இழக்கும் என்பதை, கடந்த கால வருவாயைப் பார்க்காமல், விற்ற ஆப்ஷன்களின் உடன்படு விலையையும் எண்ணிக்கையையும் கொண்டு கணக்கிட்டேன். மிதமான மோசமான நாளுக்கு முதலீட்டில் ஏறத்தாழ 6 சதவீதம் போகும் என்று வந்தது. இருக்கும் 251 நாட்களோடு மைனஸ் 6 சதவீதம் என்று ஒரே ஒரு நாளைச் சேர்த்து, அதே நிரலை மீண்டும் ஓட்டினேன். சராசரி 0.036 ஆகக் குறைந்தது, திட்டவிலக்கம் 0.485 ஆக உயர்ந்தது, விகிதம் 1.18 ஆனது. 252 நாட்களில் ஒரு நாள் இருப்பதும் இல்லாததும் 1.18-க்கும் 3.17-க்கும் உள்ள வேறுபாடு.

ஒரே நாளில் விகிதம் இவ்வளவு சரிவதற்குக் காரணம், அந்த நாள் பின்னத்தின் மேலும் கீழும் ஒரே நேரத்தில் கை வைக்கிறது என்பதே. மேலே இருக்கும் சராசரி தாழ்கிறது, கீழே இருக்கும் திட்டவிலக்கம் உயர்கிறது. திருப்பிச் சொன்னால், அந்த நாள் வராமல் போகும் காலப்பகுதியில் சராசரி உண்மையைவிட உயர்ந்தும் திட்டவிலக்கம் உண்மையைவிடத் தாழ்ந்தும் தெரியும். இரு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்யாமல் ஒரே திசையில் விகிதத்தை ஊதிப் பெரிதாக்கும். இடப்பக்கம் நீண்ட வாலுடைய, அதாவது எதிர்மறைக் கோட்டம் கொண்ட, வருவாய்களில் ஷார்ப் விகிதத்தின் உண்மையான பலவீனம் இங்கேதான் இருக்கிறது. இயல்நிலைப் பரவலில் சராசரியின் மாதிரிப் பிழையும் திட்டவிலக்கத்தின் மாதிரிப் பிழையும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்பதால் இந்தக் கூட்டுச் சதி அங்கே நிகழ்வதில்லை.

பிறகு ஆர்வத்தினால் குறியை மாற்றிப் பார்த்தேன். அதே 251 நாட்களோடு மைனஸ் 6-க்குப் பதிலாகப் பிளஸ் 6 சதவீத நாள் ஒன்றைச் சேர்த்தேன். முதலீட்டாளர் எவரும் மறுக்காத நாள் அது. விகிதம் 3.17-லிருந்து 2.77-க்குக் குறைந்தது. சராசரி 0.084 ஆக உயர்ந்தும், திட்டவிலக்கம் 0.479 ஆக அதைவிட வேகமாக உயர்ந்துவிட்டது. சேர்க்கும் லாபத்தைச் சிறிது சிறிதாக மாற்றி ஓட்டியபோது, ஏறத்தாழ 1.5 சதவீத லாபம் வரை விகிதம் உயர்ந்து, அதன்பின் தாழத் தொடங்கி, 3.4 சதவீதத்தைத் தாண்டியதும் அந்த நாளே வராமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் விகிதத்துக்கும் கீழே போனது. திட்டவிலக்கத்துக்கு மேல் கீழ் தெரியாது. சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் என்பது மட்டுமே தெரியும்.

இந்த இரண்டாவது குறையைப் பற்றித்தான் பலரும் பேசுகிறார்கள். கீழ்நோக்கிய விலக்கத்தை மட்டும் வகுஎண்ணாகக் கொள்ளும் சோர்ட்டினோ விகிதம் அதற்கான மருந்தாகச் சொல்லப்படுகிறது. பெரிய லாப நாளுக்குத் தண்டனை விதிப்பதை அது நிறுத்திவிடும் என்பதும் உண்மை. ஆனால் என் 251 நாட்களில் அந்த மோசமான நாள் இல்லவே இல்லை. கோப்பில் இல்லாத நட்டத்தைச் சோர்ட்டினோவாலும் அளக்க முடியாது. உச்சத்திலிருந்து எவ்வளவு சரிந்தோம் என்று பார்க்கும் அளவைகளுக்கும் இதே கதிதான். எனவே நான் அந்தப் பக்கம் போகாமல் முதல் குறையிலேயே நின்றேன்.

அடுத்த வேலை, உண்மை எனக்குத் தெரிந்த ஒரு செயற்கை உத்தியை உருவாக்கிப் பார்ப்பது. சாதாரண நாளில் சராசரி 0.06 சதவீதமும் திட்டவிலக்கம் 0.30 சதவீதமும் கொண்ட இயல்நிலை வருவாய். ஒவ்வொரு நாளும் 0.004 நிகழ்தகவில், அதாவது சராசரியாக 250 நாளுக்கு ஒரு முறை, அதன்மேல் 6 சதவீத இழப்பு. இந்த உத்தியின் உண்மையான ஷார்ப் விகிதத்தைக் காகிதத்திலேயே கணக்கிடலாம். சராசரி 0.06-இலிருந்து 0.024 போக 0.036. திட்டவிலக்கத்தின் வர்க்கமான பரவற்படி, சாதாரண நாட்களின் 0.09-உடன் இழப்புத் தாவலின் பங்கான 36 × 0.004 × 0.996 சேர்ந்து 0.2334, அதன் வர்க்கமூலம் 0.483. ஆண்டு விகிதம் 1.18. பிறகு இப்படிப்பட்ட பத்தாயிரம் ஆண்டுகளை உருவாக்கி, ஒவ்வோர் ஆண்டுக்கும் விகிதத்தைக் கணக்கிட்டேன்.

```python
rng = np.random.default_rng(7)
N, D = 10000, 252
jump = rng.random((N, D)) < 0.004
r = 0.06 + 0.30 * rng.standard_normal((N, D)) - 6.0 * jump
s = r.mean(axis=1) / r.std(axis=1, ddof=1) * np.sqrt(D)
k = jump.sum(axis=1)
```

இதில் `k` என்பது அந்த ஆண்டில் எத்தனை சரிவுகள் வந்தன என்ற எண்ணிக்கை. விடைகளை `k` வாரியாகப் பிரித்தபோதுதான் படம் தெளிந்தது. ஒரு சரிவும் இல்லாத ஆண்டுகள் ஏறத்தாழ 36 சதவீதம். அவற்றின் விகிதங்கள் 3.17-ஐச் சுற்றிச் சிதறியிருந்தன. ஒரு சரிவு வந்த ஆண்டுகள் ஏறத்தாழ 37 சதவீதம், விகிதம் 1.2-ஐச் சுற்றி. இரண்டு சரிவுகள் வந்த ஆண்டுகளில் 0.3-ஐ ஒட்டி, மூன்று வந்த ஆண்டுகளில் சுழியத்துக்குக் கீழே. அலைவெண் படத்தில் 1-க்கு அருகே ஒரு குன்றும், அதன் வலப்பக்கச் சரிவு 2.5-க்கும் 3.2-க்கும் இடையே கீழே இறங்காமல் தட்டையாக நிற்கும் ஒரு தோளும் தெரிந்தன. என் சொந்த 3.17 அந்தத் தோளின் மேல் கச்சிதமாக அமர்ந்திருந்தது. உண்மை விகிதம் 1.18 கொண்ட ஓர் உத்தி மூன்று ஆண்டில் ஓர் ஆண்டுக்கும் சற்று கூடுதலாக 3-ஐ ஒட்டிய எண்ணைக் காட்டும் என்றால், என் உத்தியும் அப்படிப்பட்ட ஒன்றாக இருக்கக்கூடும் என்பதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை.

எதிர்ப்புறத்து இரட்டையையும் ஓட்டிப் பார்த்தேன். சாதாரண நாளில் 0.012 சதவீதம், 0.004 நிகழ்தகவில் 6 சதவீத லாபத் தாவல். சராசரி அதே 0.036, திட்டவிலக்கம் அதே 0.483, உண்மை ஷார்ப் அதே 1.18. ஆனால் தாவல் வராத 36 சதவீத ஆண்டுகளில் இது 0.63-ஐச் சுற்றியே காட்டும். இரண்டு உத்திகளையும் ஓராண்டுப் பதிவை வைத்துப் போட்டியிட விட்டால், சரிவைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பவர் திறமைசாலி ஆகிவிடுவார். லாபத்துக்காகக் காத்திருப்பவர் வேலையை இழப்பார். இருவரின் விகிதமும் ஒன்றே என்பது நீண்ட காலத்தில் மட்டும் தெரியவரும் உண்மை.

இந்த இடத்தில் ஒரு சூத்திரத்தை நாடினேன். ஷார்ப் விகிதம் ஒரு மதிப்பீடு என்பதால் அதற்குத் திட்டப்பிழை உண்டு. ஆண்ட்ரூ லோ 2002-இல் வெளியிட்ட கட்டுரையில் இயல்நிலை வருவாய்க்கான திட்டப்பிழையை விளக்கினார். கோட்டத்தையும், வால்களின் கனத்தைக் காட்டும் தட்டையளவையையும் உள்ளடக்கிய பொதுவடிவம் இது:

```
SE(SR) = sqrt( (1 - g3*SR + (g4 - 1)/4 * SR^2) / T )
```

`SR` என்பது ஆண்டாக்கப்படாத தினசரி விகிதம், `T` நாட்களின் எண்ணிக்கை, `g3` கோட்டம், `g4` தட்டையளவை. இயல்நிலைப் பரவலுக்கு `g4` மூன்று. பல மென்பொருள்கள் அதிலிருந்து மூன்றைக் கழித்த எண்ணையே தருகின்றன என்பதைக் கவனிக்காமல் நான் ஒரு மணி நேரத்தை வீணடித்தேன். `scipy.stats.kurtosis` இயல்பாகக் கழித்த எண்ணையே தரும், `fisher=False` என்று கொடுத்தால்தான் முழு எண் வரும். சூத்திரத்தில் `g3`-க்கு முன்னால் நிற்கும் கழித்தல் குறி, மேலே சொன்ன கூட்டுச் சதியின் கணித வடிவமே: கோட்டம் எதிர்மறை என்றால் அந்த உறுப்பு கூட்டலாக மாறித் திட்டப்பிழையைப் பெருக்குகிறது.

செயற்கை உத்திக்குக் கோட்டம் மைனஸ் 7.57 என்றும் தட்டையளவை 95 என்றும் வருகின்றன. ஓராண்டுப் பதிவுக்கு இயல்நிலை அனுமானத்தில் ஆண்டு விகிதத்தின் திட்டப்பிழை 1.00, கோட்டத்தைச் சேர்த்தால் 1.30. லாபத் தாவல் கொண்ட இரட்டைக்கு அது 0.75 மட்டுமே. மூன்றாண்டுப் பதிவில் விகிதம் 1.18 என்று வந்தால், இயல்நிலை அனுமானம் தரும் 95 சதவீத இடைவெளியின் கீழ் எல்லை 0.05, உத்தி பணம் ஈட்டுகிறது என்று அடித்துச் சொல்லலாம் போலிருக்கும். கோட்டத்தைச் சேர்த்தால் கீழ் எல்லை மைனஸ் 0.29 ஆகிவிடும், அடித்துச் சொல்ல முடியாது.

நல்ல சூத்திரம்தான், ஆனால் என் பிரச்சினையை அது தீர்க்கவில்லை. என் 251 நாட்களின் கோட்டத்தைக் கணக்கிட்டேன். ஏறத்தாழ சுழியம் வந்தது. வராமல் இருக்குமா? சரிவே இல்லாத மாதிரியில் இடப்பக்க வாலும் இருக்காது. கோட்டம் மிக மோசமாக இருக்கும் உத்தியின் சுத்தமான ஆண்டில்தான் அளந்த கோட்டம் மிக நல்லதாகத் தெரியும். திருத்தம் மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் திருத்தச் சூத்திரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடும். சரிவு ஒன்றாவது பதிவாகியிருக்கும் கோப்புகளில் இந்தச் சூத்திரத்தை இப்போதும் பயன்படுத்துகிறேன். சரிவில்லாத கோப்பில் அது தரும் இடைவெளியைக் காட்டுவது பார்ப்பவருக்குப் பொய் ஆறுதல் தருவதாகும்.

வேறு வழி, கேள்வியையே மாற்றிக் கேட்பது. வால் எவ்வளவு நீளம் என்று வருவாய்ப் பட்டியலிடம் கேட்காமல், சரிவு எத்தனை நாளுக்கு ஒரு முறை வந்தால் இந்த உத்தியின் லாபம் முழுதும் கரைந்துபோகும் என்று கேட்டேன். ஒரு நாளைக்கு 0.06 சதவீதம் சேர்கிறது, ஒரு சரிவு 6 சதவீதம் எடுக்கிறது. ஆகவே நூறு நாளுக்கு ஒரு சரிவு, அதாவது நாளுக்கு 1 சதவீத நிகழ்தகவு, என்றால் சராசரி சுழியம். அது கரையும் புள்ளி.

இனி, 251 சுத்தமான நாட்கள் அந்த 1 சதவீதத்தை மறுக்குமா என்று பார்க்க வேண்டும். இதற்குப் புள்ளியியலில் ஓர் எளிய விதி உண்டு: `n` முறை முயன்றும் ஒரு நிகழ்வு ஒரு தடவைகூட நேரவில்லை என்றால், அதன் நிகழ்தகவுக்கு 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடிய மேல் எல்லை ஏறத்தாழ `3/n`. மூன்று எப்படி வந்தது என்றால், 0.05-இன் இயல் மடக்கை மைனஸ் 2.996 என்பதால் வந்தது. 3-ஐ 251-ஆல் வகுத்தால் 1.2 சதவீதம். அது கரையும் புள்ளியான 1 சதவீதத்துக்கு மேலே இருக்கிறது. அதாவது, விகிதம் 3.17 என்று மின்னிய அந்த ஓராண்டுப் பதிவு, இந்த உத்திக்கு உண்மையில் லாபம் இருக்கிறது என்பதைக்கூட நிறுவவில்லை. இந்த வரியை எழுதியபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்து சற்று நடந்துவிட்டு வந்தேன்.

இந்தக் கணக்கில் ஒரே ஓர் எண் வெளியிலிருந்து வருகிறது, சரிவின் அளவு. அதை 6 சதவீதம் என்று நான் வைத்தது நிலைகளின் அமைப்பைப் பார்த்து. 12 சதவீதம் என்று வைத்தால் கரையும் புள்ளி 0.5 சதவீதமாகிவிடும், அதை மறுக்க 600 சுத்தமான நாட்கள் வேண்டும். எனவே அந்த எண்ணைக் குறைத்து வைப்பது நம்மையே ஏமாற்றிக்கொள்வது. சந்தை அமைதியாக இருந்த நீண்ட காலத்தை வைத்து ஓர் அளவைக் குறிப்பது எத்தனை ஆபத்தானது என்பதற்கு 2018 பிப்ரவரி 5 போதும்: அமெரிக்கப் பங்குச் சந்தையின் எதிர்பார்க்கப்படும் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் விக்ஸ் குறியீடு, முந்தைய வணிக நாளின் முடிவில் 17.31-ஆக இருந்தது, அன்றைய முடிவில் 37.32-ஆக நின்றது. ஏற்ற இறக்கம் உயராது என்று பந்தயம் கட்டி, 2017 முழுவதும் கோடு போட்டது போன்ற வருவாய் காட்டியவர்களுக்கு, முந்தைய எந்த நாளின் நட்டத்தைப் பார்த்தாலும் இதை ஊகித்திருக்க முடியாது.

முதலீட்டை இரண்டு மடங்காக்கும் என் திட்டத்தையும் இதே ஒளியில் பார்த்தேன். எல்லா நாட்களின் வருவாயையும் இரண்டால் பெருக்கினால் சராசரியும் திட்டவிலக்கமும் சேர்ந்தே இரட்டிப்பாகும். விகிதம் அசையாமல் 3.17-லேயே நிற்கும். முதலீட்டின் அளவைப் பற்றி இந்த விகிதம் ஒருபோதும் எச்சரிக்காது. அதை அளவு முடிவு செய்யும் கருவியாக நான் எடுத்துக்கொண்டதே அடிப்படைத் தவறு. விகிதம் மாறாதபோதும் சரிவு 6-லிருந்து 12 சதவீதமாகிறது, இரண்டு சரிவுகள் அடுத்தடுத்து வந்தால் மூலதனத்தில் 22 முதல் 23 சதவீதம் வரை போய்விடும்.

`3/n` என்ற விதிக்கும் எல்லைகள் உண்டு, அவை இரண்டும் என் பக்கம் சாய்பவை அல்ல. நாட்கள் ஒன்றையொன்று சாராதவை என்று அது கொள்கிறது. உண்மையில் மோசமான நாட்கள் கூட்டமாக வரும். ஓர் அமைதியான ஆண்டின் 251 நாட்களை 251 தனித்தனிச் சாட்சிகளாக எண்ண முடியாது, எண்ணிக்கை அதைவிடக் குறைவு. இரண்டாவது, நான் இந்த உத்தியை மட்டும் சோதிக்கவில்லை. உடன்படு விலையின் தொலைவையும் நுழையும் நேரத்தையும் மாற்றி மாற்றிப் பல வடிவங்களை ஓட்டி, அவற்றில் ஷார்ப் உயர்ந்ததைத்தான் எடுத்தேன். செயற்கை உத்தியில் மூன்று ஆண்டுகள் சரிவின்றிக் கழிய நிகழ்தகவு ஏறத்தாழ 5 சதவீதம். ஆனால் ஒன்றையொன்று சாராத இருபது வடிவங்களை ஓட்டினால் அவற்றில் ஒன்றாவது அப்படிச் சுத்தமாகக் கழிய நிகழ்தகவு 63 சதவீதம். ஷார்ப் உயர்ந்ததைத் தேர்ந்தெடு என்று கணினியிடம் சொன்னால், எதிர்மறைக் கோட்டமுள்ள உத்திகளுக்குள், சரிவில் இன்னும் மாட்டாததைத் தேர்ந்தெடு என்றுதான் அது புரிந்துகொள்ளும். என் கையில் இருந்த 251 நாட்கள் சுத்தமாக இருந்ததற்கு உத்தியின் குணத்தைவிட என் தேர்வுமுறை காரணமாக இருந்திருக்கலாம்.

இன்னொரு சிறு விஷயம், தினசரி எண்களைப் பற்றியது. வெகு தொலைவில் விற்ற, அதிகம் கைமாறாத ஆப்ஷன்களின் நாள்முடிவு விலை பல நேரம் நேற்றைய விலையின் நிழல்தான். இதனால் இன்றைய வருவாய் நேற்றைய வருவாயை ஒட்டிச் செல்லும். அப்போது 252-இன் வர்க்கமூலத்தால் பெருக்கும் வழக்கம் செல்லாது, விகிதம் மிகையாகும். பட்டியலை ஒரு நாள் தள்ளி அதனோடே ஒட்டுறவுக் கெழு கணக்கிட்டால் இது தெரிந்துவிடும். என் உத்தியின் ஆப்ஷன்கள் அன்றைக்கே காலாவதியாகி முடிவதால் கெழு சுழியத்தை ஒட்டியே இருந்தது. வாரக்கணக்கில் வைத்திருக்கும் உத்தி என்றால் நான் இதை முதலில் பார்ப்பேன்.

இப்போது என் அறிக்கையில் ஷார்ப் விகிதத்துக்குப் பக்கத்தில் மூன்று எண்கள் நிற்கின்றன: நிலைகளின் அமைப்பிலிருந்து கணக்கிட்ட சரிவின் அளவு, கரையும் புள்ளி, அதை மறுக்கத் தேவையான சுத்தமான நாட்கள். எதிர்மறைக் கோட்டம் உள்ளதாகத் தெரிந்த உத்திகளுக்கு மட்டும், 6 சதவீத நாள் ஒன்றை வலிந்து சேர்த்துக் கணக்கிட்ட விகிதத்தையும் எழுதுகிறேன். அப்படிச் சேர்க்கும்போது என் உத்தியின் விகிதம் 1.18. இந்த எண்ணும் உண்மையல்ல, 252 நாளில் ஒரு சரிவு என்று நானே வைத்த கற்பனையின் விளைவு. என்றாலும், சரிவே வராது என்று சொல்லாமல் சொல்லும் 3.17-ஐவிட இது நாணயமான கற்பனை என்பது என் எண்ணம்.

முதலீட்டை இரண்டு மடங்காக்கவில்லை. இருந்ததில் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, சரிவு வந்தால் 2 சதவீதத்தோடு நிற்கும்படி வைத்திருக்கிறேன். கரையும் புள்ளியை மறுக்கத் தேவையான நாட்கள் 300. கோப்பில் இருப்பவை 251. மிச்சம் 49 நாட்களில் ஒவ்வொன்றும் முடிந்தபின் அந்த எண்ணை ஒன்று குறைத்து எழுதுகிறேன். இடையில் ஒரு சரிவு வந்தால் இந்த எண்ணிக்கை செல்லாது, அன்று முதல் கோட்டத்தோடு கூடிய சூத்திரத்துக்கு உண்மையான தரவு கிடைத்துவிடும்.